மீட்டுப் பார்த்தவரா? – டிபிஏ ரெஸ்யூமேயை எடைபோடும் முறை

தரவுத்தள நிர்வாகி, அலுவலக வழக்கில் டிபிஏ, வேலைக்கான அறிவிப்பு எதை எடுத்தாலும் நான்கு தேவைகள் அதில் இருக்கும்: பேக்கப், பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங், ரெப்ளிகேஷன், ஹை அவைலபிலிட்டி. வந்து சேரும் ரெஸ்யூமேகளிலும் அதே நான்கு சொற்கள் இருக்கும். அறிவிப்பில் உள்ள சொல் ரெஸ்யூமேயில் உள்ளதா என்று டிக் அடித்துக்கொண்டே போனால் எல்லோரும் தேறிவிடுவார்கள். யார் அந்த வேலையை உண்மையில் செய்தவர், யார் அது நடக்கும்போது பக்கத்தில் இருந்தவர் என்பதை இந்த முறையால் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய வழி இருக்கிறது. இந்த நான்கு வேலைகளுக்கும் அளவு உண்டு. எவ்வளவு தரவு, எவ்வளவு நேரம், எவ்வளவு இழப்பு, எத்தனை விநாடி என்று எண்ணிச் சொல்லலாம். எண் எழுதப்பட்டிருந்தால் அது நடக்கக்கூடியதுதானா என்று கணக்குப் போட்டும் பார்க்கலாம். நான்கும் எங்கே பிரிகின்றன என்பது தெரிந்தவரா என்பதும் ரெஸ்யூமேயின் வரிகளிலேயே தெரிந்துவிடும். ரெப்ளிகேஷன் இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று நினைப்பவர் எழுதும் வரி ஒரு மாதிரி இருக்கும். அந்த நினைப்பால் அடிபட்டவர் எழுதும் வரி வேறு மாதிரி இருக்கும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். கற்பனையான ஒரு மருத்துவமனைக் குழுமம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு டிபிஏ தேடுகிறது. நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் 2 டெராபைட் அளவுக்கு அதில் உள்ளன. சர்வர்கள் குழுமத்துக்கே சொந்தமானவை. என்ன விபத்து நேர்ந்தாலும் 5 நிமிடத்துக்கு மேற்பட்ட தரவு தொலையக் கூடாது, 1 மணி நேரத்துக்குள் சேவை திரும்ப வேண்டும் என்கிறது அறிவிப்பு. இரண்டு ரெஸ்யூமேகள் வந்திருக்கின்றன. இரண்டு பேருக்குமே ஏழாண்டு அனுபவம்.

அறிவிப்பையே முதலில் படிப்பது

ரெஸ்யூமேயைத் திறக்கும் முன் அறிவிப்பில் உள்ள இரண்டு எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு நேரத்துத் தரவு தொலைந்தால் தாங்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள். விபத்து நடந்து பத்தே நிமிடத்தில் சேவை திரும்பியும் ஒரு நாள் தரவு தொலைந்திருக்கலாம். ஒரு துளியும் தொலையாமல் இரண்டு நாள் சேவை முடங்கியும் கிடக்கலாம்.

இந்த எண்கள் இல்லாத அறிவிப்பை வைத்துக்கொண்டு எந்த ரெஸ்யூமேயையும் எடைபோட முடியாது. தினமும் இரவில் ஒரு பேக்கப் எடுத்தவரின் அனுபவம், ஒரு நாள் இழப்பைத் தாங்கும் நிறுவனத்துக்குப் போதும். 5 நிமிடம் என்று வரம்பு வைத்த மருத்துவமனைக்குப் போதாது. எனவே அறிவிப்பில் எண் இல்லையென்றால், தேர்வு செய்பவர் அந்தத் துறையின் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் முதல் வேலை.

பேக்கப்: எடுத்தது பெரிதல்ல

முதல் ரெஸ்யூமேயில் உள்ள வரி: "pg_dump மூலம் தினசரி தானியங்கி பேக்கப் அமைத்தேன். 100 விழுக்காடு வெற்றி." இரண்டாவது ரெஸ்யூமேயில் உள்ளது: "pgBackRest கொண்டு வாரம் ஒரு முழு பேக்கப், தினமும் மாற்றங்களின் பேக்கப், ட்ரான்சாக்ஷன் லாக் சேமிப்பு. மாதம் ஒருமுறை தனி சர்வரில் ரீஸ்டோர். 1.4 டெராபைட்டுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது."

முதல் வரியில் கருவி சரி, ஆனால் இடம் தவறு. pg_dump என்பது தரவுத்தளம் அந்த நேரத்தில் இருந்த நிலையை எழுதிவைக்கும் கருவி. இரவு 2 மணிக்கு எடுத்தால் 2 மணி நிலைதான் கையில் இருக்கும். மறுநாள் மாலை விபத்து நடந்தால் அன்று பகல் முழுவதும் பதிவான பரிசோதனை முடிவுகள் போய்விடும். 5 நிமிட வரம்பை இதைக் கொண்டு எட்டவே முடியாது. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால், தரவுக் கோப்புகளின் முழு நகலோடு, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவரும் ட்ரான்சாக்ஷன் லாகையும் சேமித்துவர வேண்டும். அப்போது நகலை வைத்து, லாகை அதன்மேல் ஓட்டி, விபத்துக்குச் சற்று முந்தைய நேரம்வரை தரவைக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது ரெஸ்யூமே சொல்வது இதைத்தான்.

"100 விழுக்காடு வெற்றி" என்பதையும் நிறுத்திப் படிக்க வேண்டும். எதில் வெற்றி? பேக்கப் வேலை பிழையின்றி முடிந்தது என்பதற்கும் அந்த பேக்கப்பிலிருந்து தரவு மீண்டது என்பதற்கும் தொலைவு அதிகம். இது எவ்வளவு தொலைவு என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்த விபத்து சான்று. நிறுவனமே அதன் விவரங்களை முழுமையாக வெளியிட்டது. ரெப்ளிகேஷன் சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. pg_dump பேக்கப்பைத் தேடியபோது அது இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓடியது, பேக்கப் கருவியோ 9.2 பதிப்பில் இருந்தது. பதிப்பு பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரின் சரிபார்ப்பைத் தாண்டாமல் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

மீட்டுப் பார்ப்பதற்குள்ள மதிப்பு இதுதான். மாதம் ஒருமுறை தனி சர்வரில் ரீஸ்டோர் செய்பவருக்கு இப்படிப்பட்ட பிழை அதிகம் போனால் ஒரு மாதத்துக்குள் கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாவது ரெஸ்யூமேயின் எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. 1.4 டெராபைட் என்பது 14 லட்சம் மெகாபைட். மூன்றரை மணி நேரம் என்பது 12,600 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 111 மெகாபைட் வருகிறது. பல அலுவலகங்களில் உள்ள 1 ஜிகாபிட் நெட்வொர்க் விநாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட் கொண்டுபோகும். எண் பொருந்துகிறது. இதுவே பத்து நிமிடம் என்று எழுதியிருந்தால் விநாடிக்கு 2,300 மெகாபைட் வேண்டியிருக்கும். சேமிப்பகமே எடுக்கும் ஸ்னாப்ஷாட் போன்ற வேறு ஏற்பாடு இருந்தாலொழிய அது நடக்காது. அப்படி இருந்தால் ரெஸ்யூமேயிலேயே அது சொல்லப்பட்டிருக்கும்.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. மருத்துவமனையின் 2 டெராபைட்டை விநாடிக்கு 111 மெகாபைட் வேகத்தில் மீட்டால் 5 மணி நேரம் ஆகும். அறிவிப்பு கேட்பது 1 மணி நேரம். எனவே பேக்கப் மட்டும் இருந்தால் தரவு தப்பும், நேரம் தப்பாது. நேரத்துக்கு ரெப்ளிகேஷன் வேண்டும். நேர்காணலில் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுச் சொல்பவர் வேலை தெரிந்தவர்.

பேக்கப் பற்றிக் கேட்க ஒரு நல்ல கேள்வி உண்டு. போஸ்ட்கிரெஸின் ட்ரான்சாக்ஷன் லாக் 16 மெகாபைட் கோப்புகளாகப் பிரிந்திருக்கும். ஒரு கோப்பு நிறைந்ததும் அது சேமிப்பகத்துக்குப் போகும். அதிகாலை 3 மணிக்குப் பதிவுகள் குறைவு. ஒரு கோப்பு நிறைய ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அது நிறையும் முன் சர்வர் எரிந்துபோனால் எவ்வளவு தரவு தொலையும்? கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துத் தரவு. லாக் சேமிப்பு இருப்பதாலேயே 5 நிமிட வரம்பு காக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பவர் இங்கே தடுமாறுவார். கோப்பு நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் அனுப்பச் சொல்லும் `archive_timeout` அமைப்பையோ, லாகைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டையோ செய்து பார்த்தவர் உடனே பதில் சொல்வார்.

பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்: காரணம் எங்கே

இந்தப் பகுதியில் நிலை மாறுகிறது. இரண்டாவது ரெஸ்யூமே "குவெரிகளை ஆப்டிமைஸ் செய்து செயல்திறனை 90 விழுக்காடு உயர்த்தினேன்" என்று நிறுத்திக்கொள்கிறது. எந்தக் குவெரி, எதன் 90 விழுக்காடு என்பது தெரியவில்லை. 10 விநாடி 1 விநாடி ஆனதும் 90 விழுக்காடு குறைவுதான். 10 மில்லிவிநாடி 1 மில்லிவிநாடி ஆனதும் 90 விழுக்காடு குறைவுதான். முதலாவதைப் பயனர் உணர்வார், இரண்டாவது அவர் கண்ணுக்கே தெரியாது.

முதல் ரெஸ்யூமேயில் உள்ள வரி இது: "நோயாளியின் கடைசி 20 முடிவுகளைக் காட்டும் திரை 8 விநாடி எடுத்தது. EXPLAIN பார்த்ததில் முழு அட்டவணையும் படிக்கப்பட்டது தெரிந்தது. இரண்டு பத்திகளில் இண்டெக்ஸ் சேர்த்தபின் 40 மில்லிவிநாடி." முன்பிருந்த நிலை, கண்டறிந்த விதம், காரணம், செய்தது, பின்விளைவு ஆகிய ஐந்தும் மூன்று வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. பின்னால் இருக்கும் குவெரி இப்படி இருந்திருக்கும்:

```
SELECT * FROM lab_reports
WHERE patient_id = 48213
ORDER BY reported_at DESC
LIMIT 20;
```

நோயாளி எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் தரவுத்தளம் கோடிக்கணக்கான வரிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்து, அந்த எண்ணுக்குரியவற்றைப் பொறுக்கி, தேதிப்படி அடுக்கி, 20 வரிகளைத் தரும். நோயாளி எண், தேதி என்ற வரிசையில் இண்டெக்ஸ் இருந்தால் நேரே அந்த நோயாளியின் புதிய பதிவுக்குப் போய், 20 வரி எடுத்ததும் நின்றுவிடும். அடுக்கும் வேலையே இல்லை. 8 விநாடி 40 மில்லிவிநாடி ஆவது இத்தகைய இடத்தில் இயல்பு. எண் நம்பத்தக்கது.

ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் அந்த இண்டெக்ஸை எப்படிச் சேர்த்தார் என்பது அடுத்த கேள்வி.

```
CREATE INDEX CONCURRENTLY idx_patient_time
ON lab_reports (patient_id, reported_at DESC);
```

`CONCURRENTLY` என்ற சொல் இல்லாவிட்டால் இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை அந்த அட்டவணையில் புதிய முடிவு எதையும் பதிய முடியாது. பெரிய அட்டவணையானால் ஆய்வகமே காத்துக் கிடக்க நேரிடும். அந்தச் சொல்லோடு ஓட்டினால் பதிவு நிற்காது, ஆனால் வேலை முடிய நேரம் கூடும். பாதியில் தோற்றால் பயன்படாத இண்டெக்ஸ் ஒன்று அப்படியே தங்கிவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். இந்தக் கடைசி விவரம் பெரும்பாலும் அனுபவத்தில்தான் மனதில் பதியும்.

இன்னொரு சோதனை, எதை முதலில் சரிசெய்வது என்று அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது. ஒரு அறிக்கை 8 விநாடி எடுக்கிறது, மணிக்கு பத்து முறை ஓடுகிறது. மொத்தம் 80 விநாடி. சின்னக் குவெரி ஒன்று 20 மில்லிவிநாடிதான் எடுக்கிறது, ஆனால் மணிக்கு 5 லட்சம் முறை ஓடுகிறது. மொத்தம் 10,000 விநாடி. சர்வரைத் திணறடிப்பது இரண்டாவது. `pg_stat_statements` என்ற நீட்சி ஒவ்வொரு குவெரியும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று கணக்கு வைக்கும். மெதுவான குவெரிகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சின்னக் குவெரி அகப்படவே அகப்படாது. முதல் ரெஸ்யூமேக்காரரிடம் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு திரையைச் சரிசெய்தவருக்கு முழு சர்வரையும் எடைபோடத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ரெப்ளிகேஷன்: நகல் தவறையும் நகலெடுக்கும்

முதல் ரெஸ்யூமே: "ஸீரோ லேக் ரெப்ளிகேஷன் அமைத்தேன்." இரண்டாவது: "ஒரே வளாகத்தில் ஒரு துணைச் சர்வர், வேறு ஊரில் ஒன்று. 2021இல் துணைச் சர்வர் நின்றதால் முதன்மையின் டிஸ்க் நிறைந்தது. அதன்பின் max_slot_wal_keep_size அமைத்து, லேக் அலாரமும் வைத்தேன்."

ரெப்ளிகேஷன் என்பது முதன்மைச் சர்வரின் ட்ரான்சாக்ஷன் லாகைத் துணைச் சர்வருக்கு ஓயாமல் அனுப்பி, அங்கேயும் அதே மாற்றங்களைச் செய்ய வைப்பது. வழக்கமான அமைப்பில் முதன்மை, துணையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே துணை சற்றே பின்தங்கியிருக்கும். அந்த இடைவெளிதான் லேக். அது பெரும்பாலும் நொடிக்கும் குறைவு. ஆனால் பெரிய அளவிலான தரவு ஏற்றமோ நெட்வொர்க் நெரிசலோ வந்தால் நிமிடக்கணக்கில் நீளும். "ஸீரோ லேக்" என்ற சொல் இரண்டில் ஒன்றைத்தான் குறிக்க முடியும். முதன்மை காத்திருக்கும் சிங்க்ரனஸ் முறையை அமைத்திருக்க வேண்டும், அல்லது யாரும் பார்க்காத நேரத்தில் இருந்த எண்ணை எழுதியிருக்க வேண்டும்.

முதலாவது என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. துணை ஒன்றே ஒன்று இருந்து, அது நின்றுபோனால், முதன்மையிலும் புதிய பதிவு எதுவும் முடியாது. துணைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடே சேவையை நிறுத்திவிடும். இரண்டு துணைகளை வைத்து, ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்று அமைப்பது இதற்கு வழி. ஸீரோ லேக் என்று எழுதியவரிடம், "துணைச் சர்வரை அணைத்தால் ஆய்வகத்தில் என்ன நடக்கும்?" என்று கேட்டாலே போதும்.

இரண்டாவது ரெஸ்யூமே ஒரு விபத்தைச் சொல்கிறது. அது நம்பத்தக்க விபத்து. துணை எதுவரை லாகைப் பெற்றது என்பதை முதன்மை ஒரு ஸ்லாட்டில் குறித்துவைத்துக்கொண்டு, துணை வாங்கிக்கொள்ளும்வரை லாகை அழிக்காமல் காத்திருக்கும். துணை வாரக்கணக்கில் நின்றால் லாக் குவிந்துகொண்டே போய் டிஸ்க் நிறையும். டிஸ்க் நிறைந்தால் முதன்மையும் நின்றுபோகும். அந்தக் குவியலுக்கு வரம்பு வைக்கும் `max_slot_wal_keep_size` 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2021 என்ற ஆண்டு அதற்குப் பொருந்துகிறது. இதே அமைப்பை 2018இல் செய்ததாக ஒருவர் எழுதியிருந்தால் அது நடந்திருக்க முடியாது. பதிப்பும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை. ஆண்டைத் தவறாக நினைவுகூர்வதும் மனித இயல்பு என்பதால், பொருந்தாததைக் கண்டவுடன் ஒதுக்கிவிடாமல் கேட்டுத் தெளிவதே முறை.

வரம்பு வைப்பதிலும் ஓர் இழப்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் முதன்மை தப்பும், ஆனால் துணைக்குத் தேவையான லாக் அழிந்துபோயிருக்கும். சேமிப்பகத்தில் அந்த லாக் இல்லையென்றால் துணையைப் புதிதாகக் கட்ட வேண்டும். அலாரமும் வைத்தேன் என்று அவர் எழுதியிருப்பதன் பொருள் இதுதான். வரம்பை எட்டும் முன்பே தெரிய வேண்டும்.

பேக்கப்புக்கும் ரெப்ளிகேஷனுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே ஒருமுறை சோதித்துவிட வேண்டும். யாரோ தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் ஒரு மாற்றம்தான். நொடிக்குள் துணைக்கும் போய் அங்கேயும் அழித்துவிடும். சர்வர் எரிந்தால் ரெப்ளிகேஷன் காப்பாற்றும். மனிதக் கை தவறினால் பேக்கப்தான் காப்பாற்றும். ரெஸ்யூமேயில் ரெப்ளிகேஷனை பேக்கப் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருப்பவருக்கு இந்தக் கோடு தெரியவில்லை என்றே கொள்ளலாம்.

ஹை அவைலபிலிட்டி: மாறுவதைவிட மாறக் கூடாதபோது மாறாதது

முதன்மை விழுந்தால் துணையை முதன்மையாக்கி, பயனர்களை அதனிடம் திருப்பிவிடுவதே ஹை அவைலபிலிட்டி. ரெப்ளிகேஷன் இருந்தால் மட்டும் இது வந்துவிடாது. விழுந்தது உண்மையா என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். பழைய முதன்மை திரும்பி எழுந்தாலும் பதிவுகளை ஏற்காதபடி தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் இரண்டு சர்வர்கள் இரண்டு விதமான பதிவுகளை ஏற்றுக்கொண்டிருக்கும்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் இப்படித்தான் நேர்ந்தது. பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள தரவு மையத்துக்கான இணைப்பு 43 விநாடி அறுந்தது. அவர்களுடைய தானியங்கி ஏற்பாடு மையிஎஸ்க்யூஎல் முதன்மைகளை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் பதிவான சில மாற்றங்கள் மேற்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு. 43 விநாடிப் பிரச்சினையிலிருந்து சேவை முழுமையாக மீள 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதல் ரெஸ்யூமே "99.99 விழுக்காடு அப்டைம்" என்கிறது. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் அதில் நிற்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 52 நிமிடம். போஸ்ட்கிரெஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தப் பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சர்வரை மீண்டும் தொடங்க வேண்டும். எனவே நான்கு ஒன்பதுகள் நடக்கக்கூடியவைதான், ஆனால் திட்டமிட்ட நிறுத்தங்களையும் சேர்த்து எண்ணினாரா, தரவுத்தளத்தின் நேரமா பயனர் கண்ட நேரமா, யார் அளந்தது என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

இரண்டாவது ரெஸ்யூமே: "பேட்ரோனி, மூன்று எட்சிடி உறுப்பினர்கள். காலாண்டுக்கு ஒரு ஃபெயிலோவர் ஒத்திகை. பதிவுகள் மீண்டும் தொடங்க ஏறத்தாழ 45 விநாடி. ஒரு ஒத்திகையில் செயலி பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருந்ததால் தோல்வி, பின்னர் சரிசெய்யப்பட்டது." பேட்ரோனியில் முதன்மைக்கு ஒரு பூட்டு உண்டு. அதைக் குறித்த நேரத்துக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இயல்பான அமைப்பில் அந்த நேரம் 30 விநாடி. முதன்மை செத்தால் பூட்டு காலாவதியாகி, புதிய முதன்மை தேர்வாகி, செயலிகள் திரும்பி வர 45 விநாடி ஆவது இயல்பு. அமைப்பை மாற்றாமலே 2 விநாடியில் முடிந்ததாக எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். நிர்வாகியே திட்டமிட்டு மாற்றியதை விபத்து மாற்றமாக எண்ணியிருக்க வாய்ப்புண்டு.

மூன்று எட்சிடி உறுப்பினர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. முடிவு எடுக்கப் பாதிக்கு மேற்பட்டோர் வேண்டும். மூவரில் ஒருவர் விழுந்தாலும் இருவர் முடிவெடுப்பர். இருவர் மட்டுமே இருந்தால் ஒருவர் விழுந்ததுமே முடிவெடுக்க ஆளில்லை. மூவரும் ஒரே ரேக்கில் ஒரே மின்வழியில் இருந்தாலும் பயனில்லை. எனவே நேர்காணலில், "அந்த மூன்றும் எங்கே இருந்தன?" என்று கேட்க வேண்டும். தோற்ற ஒத்திகையை எழுதியிருப்பது அவருக்குப் பலம். தரவுத்தளம் மாறியும் செயலி மாறாத நிலையை ஒத்திகை பார்த்தவர்தான் காண்பார்.

சேர்த்துப் பார்த்தால்

ஒவ்வொரு தேவைக்கும் நான்கு படிகள் வைத்து எடைபோடலாம். சொல் மட்டும் இருந்தால் முதல் படி. செய்ததாகத் தெரிந்தால் இரண்டாம் படி. அளந்திருந்தால் மூன்றாம் படி. உடைந்ததைக் கண்டு, காரணம் அறிந்து, திருத்தியிருந்தால் நான்காம் படி. முதல் ரெஸ்யூமே ட்யூனிங்கில் நான்காம் படியிலும் பேக்கப்பில் இரண்டாம் படியிலும் நிற்கிறது. ரெப்ளிகேஷனிலும் ஹை அவைலபிலிட்டியிலும் எண் இருக்கிறது, ஆனால் அளந்த விதம் இல்லாததால் முதல் படியைத் தாண்டவில்லை. இரண்டாவது ரெஸ்யூமே ட்யூனிங்கில் முதல் படி, பேக்கப்பில் மூன்றாம் படி, மற்ற இரண்டிலும் நான்காம் படி.

எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது இங்கே உதவாது. மெதுவான திரையை அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் தொலைந்த முடிவுகளை எந்த வாரமும் திரும்பப் பெற முடியாது. இந்த அறிவிப்பின் இரண்டு எண்களும் இழப்பையும் நேரத்தையும் பற்றியவை என்பதால் இரண்டாவது ரெஸ்யூமேக்கே முன்னுரிமை. தரவு மாறாமல் அறிக்கைகள் மட்டும் ஓடும் ஒரு நிறுவனமாக இருந்தால் இதே இரண்டு ரெஸ்யூமேகளின் வரிசை தலைகீழாகியிருக்கும்.

ரெஸ்யூமேயில் இல்லாததெல்லாம் தெரியாதது என்று முடிவுகட்டவும் கூடாது. முந்தைய நிறுவனத்தின் ரகசியம் காரணமாக அளவுகளை எழுதாமல் விடுபவர்கள் உண்டு. ஒரு குழு சேர்ந்து செய்ததை எல்லோரும் தனித்தனியே எழுதுவதும் உண்டு. அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற கிளவுட் சேவையில் வேலை செய்தவருக்கு பேக்கப்பும் ஃபெயிலோவரும் சேவையே செய்து தந்திருக்கும். அவர் நல்ல டிபிஏவாக இருக்கலாம், ஆனால் சொந்த சர்வரில் பேட்ரோனி நடத்திய அனுபவம் அதிலிருந்து வராது. மாறாக, ஆரக்கிளில் ஆர்மேன் கொண்டு மீட்டு, டேட்டா கார்ட் கொண்டு துணைச் சர்வர் நடத்தியவரின் ரெஸ்யூமேயில் போஸ்ட்கிரெஸ் சொற்கள் ஒன்றும் இருக்காது. கோப்பு நகல், லாக், குறித்த நேரத்துக்கு மீட்டல், துணைக்கு மாறுதல் ஆகிய அனைத்தும் அவருக்குத் தெரிந்தவையே. கட்டளைகளைப் பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்தால் போதும். சொல் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் முதலில் கழிப்பது இவரைத்தான்.

மருத்துவமனையின் பட்டியலில் இரண்டு பேரையும் நேர்காணலுக்கு அழைப்பதே சரி. இரண்டாமவரிடம் சின்னக் குவெரியின் 10,000 விநாடிக் கணக்கையும் அதிகாலை 3 மணி லாக் கேள்வியையும் வைக்க வேண்டும். முதலாமவரிடம் கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து மீட்டார், எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்க வேண்டும். நேரத்தையும் வழியில் வந்த பிழையையும் அவர் சொன்னால், ரெஸ்யூமேயில் எழுதத் தவறிய வேலையைச் செய்தவர் என்று தெரியும், வரிசையை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். சொல்ல முடியாவிட்டால், இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்து, ட்யூனிங்குக்கு அவருக்குப் பயிற்சி கொடுப்பதே இந்த வேலைக்குப் பொருந்தும் முடிவு.